பாக்கெட் பாலை ஏன் இன்னும் காய்ச்சுகிறோம்: வெப்பமானி வைத்துப் பார்த்த கணக்கு

பாக்கெட்டின் மேலேயே ‘பாஸ்டரைஸ்டு’ என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் நோய்க்கிருமிகளைக் கொல்லும் சூட்டை அந்தப் பால் ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. அப்புறமும் ஏன் காய்ச்சுகிறோம் என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தபோது, ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். “பச்சைப் பாலைக் குடிச்சா வயித்தைக் கலக்கும்” என்றார் அம்மா. “பால் பண்ணையிலயே எல்லாம் பண்ணித்தான் அனுப்புறாங்க, நாம காய்ச்சறது வீண் வேலை” என்றான் தம்பி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ள, கம்பி முனையுள்ள சமையல் வெப்பமானி ஒன்றை வாங்கிப் பாலைப் பின்தொடர்ந்தேன். நாங்கள் இருப்பது திருச்சி. அளந்தது சித்திரை வெயிலில்.

முதலில் வெப்பமானியைச் சோதித்தேன். நொறுக்கிய ஐஸ் நிறைந்த தண்ணீரில் 0.4 டிகிரி காட்டியது, கொதிக்கும் தண்ணீரில் 99.6. இந்த வேலைக்கு இந்தத் துல்லியம் போதும்.

இனி பால் பண்ணையில் நடப்பது. பாஸ்டரைஸ் செய்ய நம் நாட்டில் இரண்டு வழிகள் ஏற்கப்பட்டிருக்கின்றன. பெரிய தொட்டியில் ஊற்றி 63 டிகிரியில் 30 நிமிடம் வைத்திருப்பது பழைய வழி. தகடு தகடாக அடுக்கிய வெப்பமாற்றியின் வழியாகப் பாலை ஓடவிட்டு, 72 டிகிரியை ஒட்டிய சூட்டில் 15 நொடி பிடித்துவைப்பது இன்றைய வழி. சட்டம் கேட்பது குறைந்தது 71.5 டிகிரி. பாக்கெட் பால் பெரும்பாலும் இரண்டாம் வழியில்தான் வருகிறது. அந்த 15 நொடியைக் கொடுப்பது ஒரு வளைந்த குழாய். பால் அதன் ஒரு முனையில் நுழைந்து மறுமுனைக்கு வர 15 நொடி ஆகும்படி அதன் நீளத்தைக் கணக்கிட்டிருப்பார்கள். முனையில் இருக்கும் வெப்பமானி சூடு குறைந்திருப்பதாகக் காட்டினால், ஒரு வால்வு தானே திரும்பி அந்தப் பாலைத் தொடக்கத் தொட்டிக்கே அனுப்பிவிடும். சூடு சரியாக இருந்தால் பால் உடனே 4 டிகிரிக்குக் குளிர்விக்கப்படும்.

30 நிமிடமும் 15 நொடியும் எப்படிச் சமமாகும்? 30 நிமிடம் என்றால் 1,800 நொடி. அதை 15 ஆல் வகுத்தால் 120 வருகிறது. சூடு 9 டிகிரி ஏறியதும் தேவைப்படும் நேரம் 120 மடங்கு குறைந்துவிட்டது. கிருமிகள் சூட்டில் சாகும் வேகம் இப்படித்தான் ஏறும்: ஏறக்குறைய 4.3 டிகிரி கூடினால் பத்து மடங்கு வேகம். இதைத் திருப்பிப் போட்டால் ஆபத்து புரியும். 63 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் 59 கூட வரவில்லை என்றால், அந்த அரை மணி நேர வேலைக்கு ஐந்து மணி நேரம் தேவைப்படும். சொந்த மாட்டுப் பாலை ‘லேசாகச் சூடு பண்ணி’ வைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கை பொறுக்காத சூடும் பாஸ்டரைஸ் செய்யும் சூடும் ஒன்றல்ல. 55 டிகிரிப் பாலிலேயே விரலை வைத்திருக்க முடியாது, ஆனால் காசநோய்க் கிருமிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

இந்த எண்களை முதலில் நிர்ணயித்தது அந்தக் காசநோய்க் கிருமிதான். மாட்டிலிருந்து பால் வழியாக மனிதருக்கு வரும் காசநோயைத் தடுப்பதுதான் அன்றைய இலக்கு. பிறகு கியூ காய்ச்சலை உண்டாக்கும் கிருமி அதைவிடக் கொஞ்சம் கெட்டியானது என்று தெரியவந்ததும், 1956-ல் அமெரிக்காவில் தொட்டி முறையின் சூட்டை 61.7 டிகிரியிலிருந்து 62.8-க்கு உயர்த்தினார்கள். ஒரே ஒரு டிகிரிதான். முந்தைய பத்தியின் கணக்குப்படி அந்த ஒரு டிகிரியே கிருமி சாகும் வேகத்தை ஒன்றே முக்கால் மடங்காக்கும்.

பால் உண்மையிலேயே அந்தச் சூட்டைப் பார்த்ததா என்று கண்டுபிடிக்கும் முறையும் அழகானது. பச்சைப் பாலில் பாஸ்பட்டேஸ் என்றொரு நொதி இயற்கையாகவே இருக்கிறது. காசநோய்க் கிருமி சாகும் சூட்டைவிடச் சற்று அதிகச் சூட்டில்தான் அது செயலிழக்கும். அது முழுதாகச் செயலிழந்திருந்தால் கிருமியும் செத்திருக்கும் என்று அர்த்தம். கொஞ்சம் பச்சைப் பால் கலந்துவிட்டாலும் இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். பால் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “பாஸ்பட்டேஸ் நெகட்டிவ் வராம ஒரு டேங்கரும் பேக்கிங்குக்குப் போகாது. ஆனா பாக்கெட் எங்க கேட்டைத் தாண்டினதும் அதுக்கு என்ன ஆகுதுன்னு அந்த டெஸ்ட் சொல்லாது” என்றார்.

அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கிறது. பாஸ்டரைஸ் செய்வது என்பது பாலில் உள்ள எல்லாவற்றையும் கொல்வதல்ல, நோய் உண்டாக்கும் கிருமிகளை ஒழிப்பது. சூடு தாங்கும் சில பாக்டீரியாக்களும், விதைபோலத் தடித்த ஓட்டுக்குள் உறங்கும் ஸ்போர்களும் 72 டிகிரியைத் தாண்டி வந்துவிடும். பாஸ்டரைஸ் செய்த பாலில் ஒரு மில்லிக்கு 30,000 பாக்டீரியா வரை இருக்கலாம் என்பதுதான் நம் நாட்டில் புழங்கும் வரம்பு. இவை போக, சூட்டுக்குப் பிறகு பால் போகும் குழாயிலும் பாக்கெட் நிரப்பும் முனையிலும் புதிதாக ஒட்டிக்கொள்பவையும் உண்டு. இதெல்லாம் 4 டிகிரியில் இருக்கும்வரை பெரிய தொல்லை தராது. குளிர்தான் அவற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது. குளிர் போனால் கட்டும் அவிழ்ந்துவிடும்.

எனவே குளிர் எப்போது போகிறது என்று பார்த்தேன். பாக்கெட்டைக் குத்தாமல் உள்சூட்டை அளக்க, இரண்டு அரை லிட்டர் பாக்கெட்டுகளுக்கு நடுவே வெப்பமானிக் கம்பியை வைத்து ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டேன். சில நிமிடங்களில் எண் நிலைக்கும்.

விடிகாலை ஐந்து மணிக்கு முன்பே பால் போடும் தம்பி வந்து கேட்டில் தொங்கும் பையில் போட்டுவிடுவார். கையோடு வாங்கி அளந்தபோது 9 டிகிரி. பண்ணையிலிருந்து வண்டி, ஏஜென்ட் வீட்டு வாசல், சைக்கிள் என்று இத்தனை கை மாறி வந்த பாலுக்கு இது நல்ல எண்தான். வழக்கமாக எங்கள் வீட்டில் அதை எடுப்பது ஆறரை மணிக்கு. அப்படியே பையில் விட்டுவிட்டு ஆறரைக்கு அளந்தால் 19 டிகிரி. வெளியில் அப்போது 29. பாக்கெட்டின் மேல் பூத்திருந்த வியர்வைத் துளிகள் எல்லாம் வடிந்து, பையின் அடிப்பகுதி நனைந்திருந்தது. அந்த ஈரம் பார்க்கக் குளிர்ச்சியாகத்தான் தெரியும். ஆனால் காற்றிலிருந்த நீராவி பாக்கெட்டின் மேல் தண்ணீராக மாறும்போது, தன் வெப்பத்தைப் பாலுக்குத்தான் கொடுத்துவிட்டுப் போகிறது. பாக்கெட் வியர்க்க வியர்க்க உள்ளே பால் சூடேறிக்கொண்டிருக்கிறது.

சாயந்திரம் தெருமுனைக் கடையில் வாங்கியது இன்னொரு கதை. கடைக்கு வெளியே பிளாஸ்டிக் டப்பில் அடுக்கியிருந்த பாக்கெட், கையில் வாங்கும்போதே 22 டிகிரி. டப்பில் ஐஸும் இல்லை, மேலே ஈரச்சாக்கும் இல்லை. பாக்கெட்டில் தேதி அன்றையதுதான். தேதி சொல்லும் ஆயுள் 4 டிகிரியில் வைத்திருந்தால் மட்டுமே பொருந்தும்.

30 டிகிரியை ஒட்டிய சூட்டில் இந்த பாக்டீரியாக்கள் பல, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியக் கூடியவை. ஐந்து மணி நேரத்தில் பத்து இரட்டிப்பு, அதாவது ஆயிரம் மடங்கு. நடைமுறையில் ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுத்தான் பெருகத் தொடங்கும். காலையில் பையில் தொங்கும் ஒன்றரை மணி நேரத்தில் பெரிதாக எதுவும் ஆகாததற்குக் காரணம் அதுதான். ஆனால் மதியம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் அந்தத் தயக்கம் கை கொடுக்காது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மீன் தொட்டிக் கடையில் மெத்திலீன் நீலம் கிடைக்கும். பால் பண்ணைகளில் பாலின் தரத்தைப் பார்க்கப் பயன்படுத்துவதும் இந்தச் சாயம்தான். பாக்டீரியா பெருகும்போது பாலில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் நீலம் வெளுத்துவிடும். எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறதோ அவ்வளவு பாக்டீரியா. கொதிக்க வைத்து ஆற்றிய சின்ன மூடி பாட்டில்களில் 10 மில்லி பால் ஊற்றி, நன்றாக நீர்த்த சாயத்தை வெளிர் வான நீலம் வரும் அளவுக்கு மட்டும் விட்டேன். பிறகு 37 டிகிரித் தண்ணீர் ஊற்றிய ஹாட் பாக்ஸில் பாட்டில்களை நிறுத்தி, தண்ணீர் ஆற ஆற வெந்நீர் சேர்த்துக்கொண்டிருந்தேன். சோதித்த பாலைக் கண்டிப்பாகக் கொட்டிவிட வேண்டும். பாட்டில்களைத் திரும்ப அடுக்களையில் புழங்கக்கூடாது.

வந்த உடனே எடுத்த பாக்கெட் பால் ஐந்து மணி நேரம் கழித்தும் நீலமாகவே இருந்தது. காலையிலிருந்து பதினொரு மணி வரை வெளியில் கிடந்த பாக்கெட்டின் பால் இரண்டரை மணி நேரத்தில் வெள்ளையாகிவிட்டது. வெளுப்பது அடியிலிருந்து தொடங்கும். கடைசியில் காற்று படும் மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய நீல வளையம் ஒன்று நிற்கும். பாட்டிலைக் குலுக்கினால் கொஞ்சம் நீலம் திரும்பி வரும். அதனால் குலுக்காமல் பார்க்க வேண்டும். இந்த இரண்டு பாலும் முகர்ந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருந்தன. காய்ச்சிப் பார்த்தபோது இரண்டுமே திரியவில்லை. மூக்குக்குத் தெரிவதற்கு நெடுநேரம் முன்பே சாயத்துக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எத்தனை பாக்டீரியா என்பதைத்தான் சாயம் சொல்லும், எந்த பாக்டீரியா என்று சொல்லாது. மிகச் சுத்தமாகக் கறந்த மாட்டுப் பால் ஆறு மணி நேரம் நீலமாக நின்றாலும், அதில் காசநோய்க் கிருமியோ புரூசெல்லாவோ இருக்கலாம். கறந்த பாலைப் பொறுத்தவரை காய்ச்சுவதில் இரண்டாம் பேச்சே கிடையாது. வீட்டிலேயே பாஸ்டரைஸ் செய்ய விரும்பினால், ஒரு பாத்திரத்துத் தண்ணீருக்குள் பால் பாத்திரத்தை இறக்கி, கிளறிக்கொண்டே பாலின் சூட்டை 65-ஐ ஒட்டி அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். 63-க்குக் கீழே இறங்கினால் நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும். செய்து பார்த்தேன். காய்ச்சிய வாசனை இல்லாமல் பால் ருசியாகவே வந்தது. ஆனால் அரை மணி நேரம் அடுப்பை விட்டு நகர முடியாது. வெப்பமானி இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

அடுப்பில் பாலைக் கொதிக்க வைப்பதன் பெரிய வசதியே அதுதான், அளவுக் கருவி எதுவும் தேவையில்லை. 63 டிகிரியில் பால் பார்க்க எந்த மாற்றமும் காட்டாது, லேசாக ஆவி பறக்கும், அவ்வளவுதான். 72-லும் அதே தோற்றம்தான். பொங்குவதைத்தான் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியும். அரை லிட்டர் பாலை மிதமான தீயில் வைத்துக் கிளறியபடி அளந்தேன். 63-லிருந்து 72-க்கு ஏற அரை நிமிடம்தான் ஆனது. 72-ஐத் தாண்டியபின் பொங்கி எழ இன்னும் ஒன்றேகால் நிமிடம். பொங்கும் நேரத்தில் 98 டிகிரி. அதாவது முதல் பொங்கல் வருவதற்குள்ளேயே, பண்ணையில் 15 நொடியில் நடந்ததைவிடப் பல மடங்கு அதிகச் சூட்டை அந்தப் பால் பார்த்துவிட்டது. பொங்கியபின் பத்து நிமிடம் ‘நல்லா கொதிக்கட்டும்’ என்று விடுவதால் பாதுகாப்பு ஒன்றும் கூடுவதில்லை. தயமினும் வைட்டமின் சி-யும் இன்னும் கொஞ்சம் குறையும், அடிப்பிடிக்கும். ஊட்டி மாதிரி உயரமான ஊரில் தண்ணீரே 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும். அங்கேயும் ஒரு பொங்கல் தாராளமாகப் போதும்.

கிளறுவது மட்டும் அவசியம். கிளறாமல் வைத்தபோது ஓரத்தில் குமிழி விட ஆரம்பித்த நேரத்தில் அடியில் 87, ஆடைக்குக் கீழே 80. ஓரக் குமிழியைப் பார்த்து ‘கொதித்துவிட்டது’ என்று அடுப்பை அணைப்பவர்கள் உண்டு. ஆடையைக் கலைத்துவிட்டு ஒருதரம் எழும்ப விட்டால் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும்.

காய்ச்சுவதில் இன்னொரு பயனும் உண்டு, அது ஒரு சோதனை. பாக்கெட் புளிக்கத் தொடங்கியிருந்தால் பச்சையாகப் பார்க்கும்போது தெரியாது, சூடு ஏறியதும் திரிந்துவிடும். பால் கொள்முதல் நிலையங்களிலும் சந்தேகமான பாலை ஒரு சோதனைக் குழாயில் ஊற்றிக் கொதிக்க வைத்துத்தான் பார்ப்பார்கள். திரிந்தால் எடுக்க மாட்டார்கள்.

ஆனால் என் அம்மாவிடம் நான் மாற்றச் சொன்ன பழக்கம் காய்ச்சுவதற்குப் பிறகு வருவது. எங்கள் வீட்டில் காய்ச்சிய பாலைத் தட்டு போட்டு மூடி மேடையிலேயே வைத்துவிடுவார்கள். மதியம் ஒருதரம், சாயந்திரம் ஒருதரம் திரும்பச் சூடாக்குவார்கள். கொதிக்கும் பாலிலும் சாகாத ஒன்று உண்டு: பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர். சூடு அதை எழுப்பியும் விடும். பால் வெதுவெதுப்பாக இருக்கும் மணிக்கணக்கில் அது முளைத்துப் பெருகும். அதற்குப் போட்டியாக இருந்திருக்கக்கூடிய புளிப்பு பாக்டீரியாக்களைக் காய்ச்சும்போதே கொன்றுவிட்டோம். அதனால்தான் காய்ச்சிய பால் கெடும்போது பல சமயம் புளிப்பதில்லை. லேசாகக் கசக்கும். அல்லது புளிப்பு வாசனையே இல்லாமல் திடீரெனத் திரிந்து நிற்கும். ‘நாறலையே, நல்லாத்தான் இருக்கு’ என்ற சோதனை காய்ச்சிய பாலுக்குச் செல்லாது.

திரும்பத் திரும்பச் சூடாக்குவது அறிவில்லாத வழக்கம் என்று சொல்லிவிட முடியாது. முளைத்து வந்த ஸ்போர்கள் அடுத்த சூட்டில் செத்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் என்ற விஞ்ஞானி இதே தத்துவத்தில்தான், விட்டு விட்டுக் கொதிக்க வைத்துத் திரவங்களைக் கிருமியற்றதாக்கினார். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. குறை என்னவென்றால், அந்த பாக்டீரியா இடைப்பட்ட நேரத்தில் ஒரு நச்சை விட்டுவைத்தால் அதை எந்தக் கொதியும் அழிக்காது. வாந்தியை வரவழைக்கும் அந்த நச்சு, பிரஷர் குக்கரின் சூட்டையும் தாங்கும்.

எனவே அளந்தது ஆறும் நேரத்தை. மூடி மேடையில் வைத்த அரை லிட்டர் பால் 98-லிருந்து 40-க்கு வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதே பாத்திரத்தைக் குழாய்த் தண்ணீர் நிரப்பிய அகலமான பேசினில் இறக்கி, அவ்வப்போது கிளறியபோது கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது காய்ச்சியதும் பேசின், கைச்சூட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ். தேவையானதை மட்டும் எடுத்துச் சூடாக்கிக்கொள்கிறோம். ஃபிரிட்ஜுக்குள் வைக்கும் இடத்தையும் அளந்தேன். கதவில் இருக்கும் பால் தட்டில் 10 டிகிரி, உள்ளே பின்பக்கம் 4. இப்போது பால் உள்ளேதான் இருக்கிறது.

டெட்ரா பாக்கெட் இந்தக் கணக்கில் சேராது. அது 135 டிகிரிக்கு மேல் சில நொடிகள் சூடுபட்டு, கிருமியற்ற பெட்டியில் அடைக்கப்படுவது. ஸ்போர்களும் செத்துவிடும். திறக்கும்வரை வெளியில் இருக்கலாம், காய்ச்சத் தேவையில்லை. திறந்தபின் அதுவும் மற்றப் பால் மாதிரிதான். பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து பாலுக்கு வரும் அஃப்லடாக்சின் என்ற நச்சு இருந்தால், அதற்குக் காய்ச்சினாலும் ஒன்றுதான், காய்ச்சாவிட்டாலும் ஒன்றுதான்.

தம்பி சொன்னதற்குப் பதில் இதுதான்: பண்ணையிலிருந்து வீடுவரை குளிர் அறுபடாமல் வந்த பாக்கெட் என்றால், வெட்டி அப்படியே குடிக்கலாம். குளிர் அறுபடவில்லை என்பதைப் பாக்கெட் நமக்குச் சொல்வதில்லை. எங்கள் தெருவில் 9 டிகிரியும் 22 டிகிரியும் ஒரே அச்சோடு, ஒரே தேதியோடு வருகின்றன. சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அந்தச் சந்தேகத்தை ஒரு பொங்கலில் தீர்த்துக்கொள்வதே சரி.

தயிர் போடுபவர்களுக்குக் காய்ச்ச வேறொரு காரணமும் இருக்கிறது. ஒரே பாக்கெட்டைப் பாதியாக்கி, ஒன்றை 72 டிகிரியோடு இறக்கினேன், மற்றதை 90-ஐ ஒட்டி ஐந்து நிமிடம் வைத்திருந்தேன். இரண்டையும் ஒரே சூட்டுக்கு ஆற்றி, ஒரே உறை மோர் விட்டேன். முதல் பாதி உறைந்தது, ஆனால் கரண்டி பட்டதும் உடைந்து தண்ணீர் விட்டது. இரண்டாவது கெட்டியாக வெட்டி எடுக்க வந்தது. பால் திரியும்போது பிரியும் தெளிநீரில் இருக்கும் புரதங்கள் 80 டிகிரிக்கு மேல்தான் நன்றாக விரிந்து, பாலின் முக்கியப் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரைப் பிடித்துவைப்பது அந்தப் பிணைப்புதான். பண்ணையின் 72 டிகிரி அதுவரை போவதில்லை.